இரண்டாம் வகை வினையில் செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறைய எவ்வளவு நேரம் ஆகும்?

கேள்வி: 0.04 M எத்தில் அசிட்டேட் கரைசல் 50 மி.லி., 0.04 M NaOH கரைசல் 50 மி.லி. இரண்டையும் 25 °C-இல் கலக்கிறோம். k = 0.11 L mol⁻¹ s⁻¹. NaOH-இன் செறிவு 0.002 M ஆகக் குறைய எவ்வளவு நேரம் ஆகும்? நான் அரைவாழ்காலத்தைக் கண்டுபிடித்து 3.32-ஆல் பெருக்கினேன், சுமார் 25 நிமிடம் வந்தது. விடைக்குறிப்பில் 68 நிமிடம் என்று இருக்கிறது. என் கணக்கில் எங்கே தவறு? இதற்கான சமன்பாடு எப்படி வருகிறது?

பதில்:

விடைக்குறிப்பு சரி. நீங்கள் கண்டுபிடித்த அரைவாழ்காலமும் சரியாகத்தான் இருக்க வேண்டும், ஏனெனில் கலந்தவுடன் கன அளவு இரட்டிப்பாகிச் செறிவு 0.02 M ஆகிவிடுகிறது என்பதைக் கவனித்திருந்தால் மட்டுமே உங்களுக்கு 25 நிமிடம் என்ற எண் வந்திருக்கும். தவறு 3.32 என்ற எண்ணில் இருக்கிறது. அது முதல் வகை வினைக்கு உரிய எண். அங்கே அரைவாழ்காலம் மாறாமல் இருப்பதால், பத்தில் ஒரு பங்காகக் குறைய log 10 / log 2, அதாவது 3.32 அரைவாழ்காலங்கள் ஆகின்றன. எத்தில் அசிட்டேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் ஈடுபடும் சோப்பாதல் வினை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதில் ஒவ்வொரு அரைவாழ்காலமும் முந்தையதைப் போல் இருமடங்கு நீளமாகும்.

முதலில் வினை நடக்கும் விதத்தைப் பார்ப்போம். ஹைட்ராக்சைடு அயனி ஒன்று எஸ்டர் மூலக்கூறு ஒன்றைச் சந்தித்தால்தான் வினை நிகழும். ஆகவே வினைவேகம் இரண்டின் செறிவுகளையும் பெருக்கி வருவதற்கு நேர்விகிதத்தில் இருக்கிறது.

CH₃COOC₂H₅ + NaOH → CH₃COONa + C₂H₅OH

−d[NaOH]/dt = k [NaOH] [எஸ்டர்]

உங்கள் கணக்கில் இரண்டின் தொடக்கச் செறிவும் சமம். ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அவை செலவாவதால் எந்த நேரத்திலும் சமமாகவே இருக்கும். அந்தப் பொதுவான செறிவை c என்று வைத்துக்கொண்டால் வேகச் சமன்பாடு இவ்வளவு எளிதாகிவிடுகிறது:

−dc/dt = k c²

செறிவு உள்ள உறுப்பை ஒரு பக்கமும் நேரம் உள்ள உறுப்பை மறுபக்கமும் பிரித்தால் −dc/c² = k dt என்று வரும். −1/c² என்பதன் தொகை 1/c. தொடக்க நேரத்தில் செறிவு c₀, t நேரத்தில் செறிவு c என்ற எல்லைகளுக்கிடையே தொகைப்படுத்தினால் கிடைப்பது:

1/c − 1/c₀ = k t

இதுவே இரண்டாம் வகை வினைக்கான தொகைப்படுத்தப்பட்ட வேக விதி. குறிப்பிட்ட செறிவை அடையும் நேரம் வேண்டுமானால் இதையே திருப்பி எழுதிக்கொள்ளலாம்:

t = (1/k) (1/c − 1/c₀)

எண்களைப் பிரதியிடுவோம். c₀ = 0.02 M என்பதால் 1/c₀ = 50. c = 0.002 M என்பதால் 1/c = 500. வித்தியாசம் 450, அதை 0.11-ஆல் வகுக்க 4091 விநாடி, அதாவது 68.2 நிமிடம். k-இன் அலகில் விநாடி இருப்பதால் விடையும் விநாடியில் வருகிறது. இதே வினைக்குச் சில செய்முறைக் குறிப்பேடுகளில் வேக மாறிலி நிமிடக் கணக்கில், 6.6 என்பதையொட்டிய எண்ணாக இருக்கும். அது வேறு மாறிலியன்று, 0.11 × 60 தான். அலகைப் பார்க்காமல் அந்த எண்ணைப் பிரதியிட்டுவிட்டு, வந்த விடையை விநாடி என்று எழுதினால், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் வினை ஒரே நிமிடத்தில் முடிந்ததாகிவிடும்.

இனி அரைவாழ்காலம். c = c₀/2 என்று பிரதியிட்டால் t½ = 1/(k c₀) என்று வரும். உங்கள் கரைசலுக்கு அது 1/(0.11 × 0.02) = 455 விநாடி, ஏறத்தாழ ஏழரை நிமிடம். அந்த நேரத்தில் செறிவு 0.01 M ஆகிவிடுகிறது. அந்தக் கணத்தில் குடுவையில் இருப்பது 0.01 M கரைசல் மட்டுமே. அது ஒரு காலத்தில் 0.02 M ஆக இருந்தது என்பது வினைக்குத் தெரியாது. ஆகவே அடுத்த அரைவாழ்காலம் 1/(0.11 × 0.01) = 909 விநாடி. அதற்கடுத்தது 1818 விநாடி. முதல் வகை வினையில் செறிவு பாதியானால் வேகமும் பாதியாகும். குறைய வேண்டிய அளவும் பாதி, வேகமும் பாதி என்பதால் நேரம் மாறுவதில்லை. இங்கே ஹைட்ராக்சைடு பாதியாகும்போது எஸ்டரும் பாதியாகிவிடுகிறது. வேகம் கால் பங்காகிறது. குறைய வேண்டியது பாதி, வேகமோ கால் பங்கு என்பதால் நேரம் இரட்டிப்பாகிறது. தொடக்கத்தில் விநாடிக்கு 4.4 × 10⁻⁵ M என்ற வேகத்தில் குறைந்துகொண்டிருந்த செறிவு, 0.002 M-ஐ நெருங்கும்போது விநாடிக்கு 4.4 × 10⁻⁷ M என்ற வேகத்தில்தான் குறைகிறது. செறிவு பத்தில் ஒரு பங்கு, வேகம் நூறில் ஒரு பங்கு.

இந்த உறவைத் தேர்வறையில் எளிதாகப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. செறிவு c₀/n ஆகக் குறைய வேண்டும் என்றால், 1/c = n/c₀ என்பதால் t = (n − 1)/(k c₀), அதாவது முதல் அரைவாழ்காலத்தின் (n − 1) மடங்கு. பாதியாக 1 மடங்கு, கால் பங்காக 3 மடங்கு, எட்டில் ஒன்றாக 7 மடங்கு, பத்தில் ஒன்றாக 9 மடங்கு, நூறில் ஒன்றாக 99 மடங்கு. உங்கள் வினாவில் n = 10; 9 × 455 என்று பெருக்கினாலே 68 நிமிடம் வந்துவிடும். 25 நிமிடத்தில் உண்மையில் என்ன நடந்திருக்கும் என்பதையும் பார்த்துவிடலாம்: 1509 விநாடியில் 1/c = 50 + 0.11 × 1509 = 216; செறிவு 0.0046 M. அதாவது நீங்கள் பத்து விழுக்காடுதான் எஞ்சியிருக்கும் என்று எதிர்பார்த்த நேரத்தில் 23 விழுக்காடு காரம் குடுவையில் இருக்கும்.

பாடநூல்கள் அதிகம் பேசாத, ஆனால் இந்தச் சமன்பாட்டிலிருந்து நேரடியாகத் தெரியவரும் ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். கலந்தபின் செறிவு பாதியாவதை ஒருவர் மறந்து, c₀ = 0.04 M என்றே பிரதியிட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 1/c₀ = 25; நேரம் 475/0.11 = 4318 விநாடி, 72 நிமிடம். தொடக்கச் செறிவை இரண்டு மடங்காக எடுத்தும் விடை நான்கு நிமிடம்தான் மாறியிருக்கிறது. தொடக்கச் செறிவு எல்லையின்றிப் பெரியது என்றே வைத்து 1/c₀-ஐப் பூஜ்யமாக்கினாலும் 500/0.11 = 4545 விநாடி, 76 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, எவ்வளவு செறிவான கரைசலில் தொடங்கினாலும் 25 °C-இல் இந்த வினை 76 நிமிடத்துக்குள் 0.002 M-ஐத் தொட்டுவிடும். செறிவு அதிகமாக இருக்கும் கட்டம் நொடியில் கடந்துபோகிறது. மொத்த நேரத்தையும் தின்பது கடைசிக் கட்டம்தான். எனவே இறுதிச் செறிவு தொடக்கச் செறிவைவிட மிகச் சிறியதாக இருக்கும்போது t ≈ 1/(k c) என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம். பத்தில் ஒரு பங்குக்கு அது பதினொரு விழுக்காடு கூடுதலாக வரும், நூறில் ஒரு பங்குக்கு ஒரு விழுக்காடுதான் கூடும்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு நீர்த்தலை மறப்பது சிறு பிழை என்று எண்ணிவிடக் கூடாது. கேட்கப்படும் செறிவு தொடக்கச் செறிவுக்கு அருகில் இருந்தால் கதை மாறும். 0.01 M-ஐ அடையும் நேரத்தைக் கேட்டிருந்தால் சரியான விடை 455 விநாடி. நீர்த்தலை மறந்தவருக்கு (100 − 25)/0.11 = 682 விநாடி வரும். சரிபாதி கூடுதல். ஒரே பிழை ஒரு வினாவில் ஐந்தரை விழுக்காடாகவும் இன்னொன்றில் ஐம்பது விழுக்காடாகவும் வெளிப்படுவதால், விடை ஏறத்தாழப் பொருந்திவிட்டது என்பதை வைத்து முறை சரி என்று முடிவுகட்ட முடியாது.

இதுவரை சொன்ன அனைத்தும் இரண்டு தொடக்கச் செறிவுகளும் சமம் என்ற ஒரே நிபந்தனையில் நிற்கிறது. அந்த நிபந்தனை விலகினால் 1/c சமன்பாடு செல்லாது. NaOH-இன் தொடக்கச் செறிவு a₀, எஸ்டருடையது b₀, t நேரத்தில் அவை முறையே a, b என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஒன்று செலவாவதால் b = b₀ − (a₀ − a). இவை சமமில்லாதபோது 1/(ab) என்பதைப் பகுதிப் பின்னங்களாகப் பிரித்துத் தொகைப்படுத்த வேண்டும். அப்படிச் செய்தால் வருவது:

t = [1 / (k (b₀ − a₀))] × ln [ (b × a₀) / (b₀ × a) ]

உதாரணமாக, கலந்தபின் NaOH 0.02 M, எஸ்டர் 0.03 M என்று இருக்கட்டும். NaOH 0.002 M ஆகும்போது 0.018 M செலவாகியிருக்கும், எஸ்டர் 0.012 M மிஞ்சும். மடக்கைக்குள் (0.012 × 0.02)/(0.03 × 0.002) = 4. ln 4 = 1.386. அதை 0.11 × 0.01 = 0.0011-ஆல் வகுக்க 1260 விநாடி, சரியாக 21 நிமிடம். எஸ்டரை ஒன்றரை மடங்காக்கியதில் 68 நிமிடம் 21 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. சமச் செறிவில் இருவரும் சேர்ந்தே அருகிப்போவதால்தான் கடைசிக் கட்டம் அவ்வளவு இழுக்கிறது. ஒருவர் கொஞ்சம் மிச்சமிருந்தால் அந்த இழுபறி நின்றுவிடுகிறது.

எஸ்டரை இன்னும் கூட்டி 0.2 M ஆக்கினால் உங்கள் 3.32 திரும்பி வருகிறது. அப்போது NaOH முழுவதும் தீர்ந்தாலும் எஸ்டர் 0.18 M-க்குக் கீழே போகாது. அதை மாறாத அளவாகவே கொண்டால் வினை போலி முதல் வகை வினையாகிறது. அதன் மாறிலி k′ = 0.11 × 0.2 = 0.022 s⁻¹, அரைவாழ்காலம் 31.5 விநாடி, அதை 3.32-ஆல் பெருக்க 105 விநாடி. மேலே தந்த முழுச் சமன்பாட்டைப் பயன்படுத்தினால் 111.5 விநாடி. எஸ்டர் பத்து மடங்கு இருந்தும் ஆறு விழுக்காடு வித்தியாசம் தங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அமிலம் முன்னிலையில் மெத்தில் அசிட்டேட்டை நீராற்பகுக்கும் வினையைத் தயக்கமின்றிப் போலி முதல் வகை என்று எடுத்துக்கொள்ள முடிவது, அங்கே மிகுதியாக இருப்பது கரைப்பானான நீரே என்பதால்தான். நீரின் செறிவு லிட்டருக்கு ஏறக்குறைய 55 மோல்.

ஒரு கணித நுட்பமும் இதில் உண்டு. சமமற்ற செறிவுக்கான சமன்பாட்டில் a₀ = b₀ என்று பிரதியிட்டால் 0/0 வந்து நிற்கும். அதனால் சமன்பாடு தவறு என்று ஆகாது; எல்லை மதிப்பை எடுத்தால் அது பழைய 1/c − 1/c₀ = k t ஆகவே மாறும். இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் நிலையில்தான் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் செய்முறையில் நாம் எப்போதும் இருப்பது அந்த நிலையில்தான். சமமாக எடுத்துக்கொண்டோம் என்று நினைத்த எஸ்டர் கரைசல் உண்மையில் 2 விழுக்காடு குறைவு, கலந்தபின் 0.0196 M என்று கொள்வோம். எத்தில் அசிட்டேட் எளிதில் ஆவியாகும் திரவம். குடுவையைத் திறந்துவைத்து எடுத்தாலே இந்த அளவுக்குப் பிழை வரும். NaOH 0.002 M ஆகும்போது எஸ்டர் 0.0016 M. மடக்கைக்குள் (0.0016 × 0.02)/(0.0196 × 0.002) = 0.816, அதன் ln மதிப்பு −0.203. கீழே 0.11 × (−0.0004). விடை 4612 விநாடி, 77 நிமிடம். இரண்டு விழுக்காட்டுப் பிழை நேரத்தைப் பதின்மூன்று விழுக்காடு நீட்டிவிட்டது. மேலும், இந்தக் கலவையில் NaOH ஒருபோதும் 0.0004 M-க்குக் கீழே இறங்காது, ஏனென்றால் அதை உண்ண எஸ்டர் மிச்சமிருக்காது. அந்த அளவைவிடச் சிறிய செறிவைக் கொடுத்து நேரத்தைக் கேட்டால், மடக்கைக்குள் எதிர்மறை எண் வந்து சமன்பாடே விடை இல்லை என்று சொல்லிவிடும். 1/c சமன்பாடோ எதையும் காட்டிக்கொடுக்காமல் ஒரு நேரத்தைத் தந்துவிடும்.

இவற்றைத் தாளில் போடுவதோடு நிறுத்தாமல் ஆய்வகத்தில் சரிபார்க்கும்போது என்ன தெரியும் என்பதையும் விளக்குகிறேன், ஏனெனில் இந்த வினைதான் பெரும்பாலான கல்லூரிகளின் இயற்பிய வேதியியல் செய்முறையில் இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டாக வைக்கப்படுகிறது. இரண்டு கரைசல்களையும் தனித்தனியே 25 °C நீர்த்தொட்டியில் வைத்து, வெப்பநிலை சமமானபின் கலக்கி, நிறுத்துகடிகாரத்தை ஓடவிட வேண்டும். குறித்த நேரத்தில் 10 மி.லி. கலவையைப் பிப்பெட்டில் எடுத்து, முன்கூட்டியே அளந்துவைத்த குளிர்ந்த 25 மி.லி. 0.01 M HCl-இல் விட வேண்டும். அமிலம் மிச்சமிருந்த காரம் முழுவதையும் உடனே நடுநிலையாக்கிவிடுவதால் வினை அந்த இடத்திலேயே நின்றுபோகும். பிறகு எஞ்சிய அமிலத்தைப் பினாப்தலீன் சேர்த்து 0.02 M NaOH கொண்டு தரம்பார்க்க வேண்டும்.

எண்களை இதில் பொருத்திப் பாருங்கள். 25 மி.லி. HCl-இல் இருப்பது 0.25 மில்லிமோல். கலந்த கணத்தில் எடுத்த மாதிரியில் காரம் 0.2 மில்லிமோல்; அமிலம் 0.05 எஞ்சும், பியூரெட்டில் 2.5 மி.லி. இறங்கும். வினை முழுதாக முடிந்திருந்தால் அமிலம் முழுவதும் எஞ்சி 12.5 மி.லி. இறங்கும். சமச் செறிவில் வினை ஒருநாளும் முழுதாக முடியாது என்பதால் இந்தக் கடைசி மதிப்புக்காக மணிக்கணக்கில் காத்திருப்பதிலோ கலவையைச் சூடாக்குவதிலோ பயனில்லை. அதே HCl-ஐ 25 மி.லி. தனியாக எடுத்து அதே NaOH-ஆல் தரம்பார்த்தால் போதும், அதே எண் வரும். எந்த நேரத்திலும் மிச்சமிருக்கும் காரம் 12.5-இலிருந்து அப்போதைய அளவீட்டைக் கழித்தால் வருவதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். நமது 68-ஆவது நிமிடத்து மாதிரிக்குப் பியூரெட் 11.5 மி.லி. காட்ட வேண்டும், வித்தியாசம் 1.0 மி.லி. மட்டுமே.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இளஞ்சிவப்பு நிறம் தோன்றும் இடத்தை 0.1 மி.லி. தள்ளிப் படித்துவிட்டால் வித்தியாசம் 0.9 அல்லது 1.1 ஆகிறது. செறிவு 0.0018 அல்லது 0.0022 M, 1/c-யோ 556 அல்லது 455. அந்த ஒரு புள்ளியிலிருந்து கணக்கிடும் k, உண்மை மதிப்பு 0.11 ஆக இருக்க, 0.124-க்கும் 0.099-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இதே 0.1 மி.லி. பிழை தொடக்கத்தில் 1/c-ஐ 50-இலிருந்து வெறும் அரை அலகுதான் நகர்த்தும். 1/c-யில் வரும் பிழை, செறிவில் உள்ள பிழையை c²-ஆல் வகுத்தது; செறிவு பத்தில் ஒன்றானால் பிழை நூறு மடங்காகிறது. ஆகவே 1/c-ஐ நேரத்துக்கு எதிராக வரைந்த வரைபடத்தில் கடைசிப் புள்ளிகள் கோட்டைவிட்டுச் சிதறிக் கிடந்தால் அது இயல்பே; எல்லாப் புள்ளிகளுக்கும் சம மதிப்புக் கொடுத்துக் கோடு பொருத்தினால், மிக மோசமாக அளக்கப்பட்ட அந்தக் கடைசிப் புள்ளிகளே சாய்வைத் தீர்மானித்துவிடும். அவற்றுக்குக் குறைந்த எடை கொடுத்துப் பொருத்துவதே முறை.

அதற்காகக் கடைசிப் புள்ளிகளை எடுக்காமலே விட்டுவிடவும் முடியாது. வினை பாதி நடக்கும் வரை மட்டும் அளந்தால், ln c-க்கு வரைந்த கோடும் கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். முதல் வகையா இரண்டாம் வகையா என்று பிரித்தறியவே இயலாது. குறைந்தது முக்கால் பங்கு வினை முடியும் வரை, அதாவது இங்கே மூன்று அரைவாழ்காலங்களுக்குச் சமமான 23 நிமிடம் வரையாவது தொடர வேண்டும்.

சிதறல் வேறு, வளைவு வேறு. புள்ளிகள் கோட்டின் இருபுறமும் கலந்து கிடந்தால் அது அளவீட்டுப் பிழை. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாக வளைந்தால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. காரத்தின் செறிவைக் கொண்டு வரையும்போது பிந்தைய பகுதி கீழ்நோக்கி வளைந்தால் காரம் மிகுதி, எஸ்டர் முன்னதாகவே தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மேல்நோக்கி வளைந்தால் எஸ்டர் மிகுதி, அல்லது காரத்தை வேறொன்றும் உண்கிறது. அந்த வேறொன்று பெரும்பாலும் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு. 0.002 M என்ற அளவில் காரம் இருக்கும்போது குடுவையை மூடாமல் வைப்பது பெரும்பிழை. கரைசலைக் காய்ச்சி ஆறவைத்த நீரில் தயாரிப்பதும் இதற்காகவே. வெப்பநிலையும் அப்படித்தான்: 25 °C-இலிருந்து 35 °C-க்குப் போனால் இந்த வினையின் k ஏறக்குறைய இருமடங்கை நெருங்கிவிடும். நீர்த்தொட்டி இல்லாமல் சென்னைக் கோடையில் மேசைமேல் வைத்துச் செய்த மாணவருக்கு 68 நிமிடம் வரவில்லை என்றால், சமன்பாட்டைக் குறைசொல்ல முடியாது.

இறுதியாக, நீங்கள் அடுத்து எதிர்கொள்ளப்போகும் ஒரு குழப்பம். சோப்பாதலில் இரண்டு வெவ்வேறு வினைபடுபொருள்கள் ஒன்றுக்கு ஒன்றாகச் செலவாகின்றன. ஒரே பொருளின் இரண்டு மூலக்கூறுகள் தமக்குள் வினைபுரியும்போது, சமன்பாட்டில் 2 என்ற எண் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 300 °C-இல் நைட்ரஜன் டைஆக்சைடு சிதையும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள்: 2NO₂ → 2NO + O₂. பாடநூல்களில் வழக்கமாகத் தரப்படும் தரவில் NO₂-இன் செறிவு தொடக்கத்தில் 0.0100 M, 300 விநாடிக்குப்பின் 0.0038 M. 1/c 100-இலிருந்து 263-க்கு உயர்ந்திருக்கிறது. 163-ஐ 300-ஆல் வகுக்க 0.543 L mol⁻¹ s⁻¹ என்று சாய்வு வருகிறது.

இந்தச் சாய்வை k என்று அழைக்கலாமா என்பது வேகத்தை எப்படி வரையறுத்தோம் என்பதைப் பொறுத்தது. −d[NO₂]/dt = k[NO₂]² என்று எழுதினால் k = 0.543, செறிவு 0.001 M ஆகக் குறைய (1000 − 100)/0.543 = 1657 விநாடி ஆகும். ஆனால் வினைவேகம் என்பதை விகிதவியல் கெழுவால் வகுத்து −½ d[NO₂]/dt = k[NO₂]² என்று வரையறுத்தால், தொகைப்படுத்திய வடிவம் 1/c − 1/c₀ = 2kt ஆகிறது; k அப்போது 0.27 என்று தரப்பட்டிருக்கும். இரண்டு வழியிலும் நேரம் ஒன்றேதான், 1657 விநாடி. ஒரு வரையறையில் தரப்பட்ட k-ஐ இன்னொரு வரையறையின் சமன்பாட்டில் போட்டால்தான் விடை சரியாக இருமடங்காகவோ பாதியாகவோ மாறும். 2k உள்ள சமன்பாட்டில் 0.543-ஐப் பிரதியிட்டவருக்கு 829 விநாடி வரும். உங்கள் விடை விடைக்குறிப்பிலிருந்து துல்லியமாக இரண்டின் மடங்கில் விலகியிருந்தால், கணக்கை மறுபடி போடுவதற்கு முன் வினாவில் வேக விதி எழுதப்பட்டுள்ள வரியைப் படியுங்கள். இடப்பக்கத்தில் ½ இருக்கிறதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.